ஹோட்டலுக்கு ஒரு மெயில்: மூணு கோரிக்கை, மூணு மேசை

தங்கச்சி எனக்கு ஒரு மெயிலை ஃபார்வேர்ட் பண்ணினா. அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டு பாங்காக் போறதா இருந்தா. சுகும்வித் ரோடு பக்கம் ஒரு ஹோட்டல்ல ரெண்டு ரூம் போட்டிருந்தா. அந்த ஹோட்டலுக்கு அவ எழுதினது இவ்வளவுதான்:

"அமைதியான ரூம், ஏர்லி செக்-இன், ஏர்போர்ட் பிக்கப் மூன்றும் ஏற்பாடு செய்து தரவும். நன்றி."

ஹோட்டல்லேருந்து வந்த பதில்:

"உங்கள் கோரிக்கைகளைக் குறித்துக்கொண்டோம். அன்றைய நிலவரத்தைப் பொறுத்து முயற்சி செய்கிறோம்."

அதுக்கு மேல தங்கச்சியோட கேள்வி: "அக்கா, இது ஆமாவா, இல்லையா?"

ரெண்டும் இல்லை. அதான் எனக்கு எரிச்சல்.

ஹோட்டல் மேல எரிச்சல் இல்லைங்க. அவங்க சொன்னது நேர்மையான பதில். மூணு விஷயத்தை ஒரே வரியில கேட்டா, பதிலும் ஒரே வரியிலதான் வரும். இப்படித்தான் எழுதணும்னு நெட்ல மாதிரிக் கடிதம் போட்டு வச்சிருக்காங்களே, எரிச்சல் அது மேல. மரியாதையா இருக்கு, இலக்கணம் சரியா இருக்கு, ஆனா அதைப் படிக்கிற ஆளால அதை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

எனக்கு எப்படித் தெரியும்னா, கல்யாணத்துக்கு முன்னாடி சென்னையில ஒரு ஹோட்டல்ல முதல்ல ரிசர்வேஷன்லயும், அப்புறம் ஃப்ரண்ட் ஆஃபீஸ்லயும் இருந்தேன். இந்த மாதிரி மெயிலைப் படிச்சு பதில் போடறதுதான் வேலையே. அதனால இதை விலாவாரியா பேசிடலாம்னு உட்கார்ந்துட்டேன். காபி போட்டுக்கிட்டு வாங்க.

மெயில் அங்க போனதும் என்ன ஆகுது?

ரிசர்வேஷன்ல ஒருத்தங்க திறந்து படிப்பாங்க. உங்க புக்கிங்கைத் தேடி எடுத்து, அதுல குறிப்பு எழுதற இடத்துல நீங்க கேட்டதை டைப் பண்ணி வைப்பாங்க. அவங்க கையில இருக்கறது அவ்வளவுதான். ரூம் நம்பர் போடறது அவங்க இல்லை.

ரூம் நம்பர் போடறது ஃப்ரண்ட் ஆஃபீஸ். அதுவும் பெரும்பாலும் நீங்க வர்றதுக்கு முந்தின நாளோ, வர்ற அன்னிக்குக் காலையிலயோதான்.

காலையில சீக்கிரமா ரூம் ரெடியா இருக்குமாங்கறது ஹவுஸ்கீப்பிங் கையில. (அவங்க கையிலகூட இல்லை. முந்தின ராத்திரி அந்த ரூம்ல தூங்கினவர் எப்ப எழுந்திரிச்சுக் கிளம்பறார்ங்கறதுல இருக்கு.)

கார், டிராவல் டெஸ்க் பாத்துக்கற விஷயம். நிறைய ஹோட்டல்ல கார் அவங்களோடதே கிடையாது, வெளியில ஒரு வண்டிக்காரர்கிட்ட சொல்லி வைப்பாங்க.

ஆக, நீங்க கேக்கறது மூணு விஷயம், போறது மூணு மேசைக்கு. அதைவிட முக்கியம், மூணுக்கும் கிடைக்கக்கூடிய பதில் வேற வேற:

கார்: இன்னிக்கே உறுதி பண்ணலாம்.
ஏர்லி செக்-இன்: காசு குடுத்தா உறுதி பண்ணலாம், சும்மா கேட்டா முடியாது.
அமைதியான ரூம்: உறுதின்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா எந்தச் சத்தம் ஆகாதுன்னு விவரமா சொன்னா, ரூம் போடறவங்க சரியான ரூமைத் தேடிப் போடுவாங்க.

இது புரிஞ்சுட்டா மெயில் பாதி எழுதின மாதிரிதான்.

இப்ப தங்கச்சி கதைக்கு வருவோம். சென்னையிலேருந்து பாங்காக் போற ஃப்ளைட் நிறைய நடுராத்திரிக்கு மேலதான் கிளம்புது. இவளோடதும் அப்படித்தான், சனிக்கிழமை அதிகாலை 1 மணி. பறக்கற நேரம் சுமார் மூணரை மணி. தாய்லாந்து நம்மளைவிட ஒன்றரை மணி நேரம் முன்னாடி. அதனால அங்க காலை 6 மணிக்கு இறங்கும். ஹோட்டல் செக்-இன் மத்தியானம் 2 மணி.

நடுவுல எட்டு மணி நேரம். அப்பாவுக்கு முட்டி வலி, அம்மா ராத்திரி பூரா ஃப்ளைட்ல தூங்க மாட்டாங்க. லாபி சோபாவுல உட்கார வைக்க முடியாது.

சும்மா "சீக்கிரம் ரூம் குடுங்க"ன்னு கேட்டா ஏன் கிடைக்கறதில்லை? கணக்கு ரொம்ப சிம்பிள். முந்தின ராத்திரி ஹோட்டல் ஃபுல்லா இருந்துச்சுன்னா, காலை 7 மணிக்கு ஒரு காலி ரூம்கூட இருக்காது. எல்லாரும் செக்-அவுட் பண்றது 11, 12 மணிக்கு. அப்புறம் ஒரு ரூமைச் சுத்தம் பண்ண அரை மணி நேரமாவது ஆகும். முந்தின ராத்திரி ஃபுல் ஆகலைன்னா, சுத்தம் பண்ணின காலி ரூம் இருக்கும், சிரிச்ச முகத்தோட குடுத்துடுவாங்க. அந்த நிலவரம் முந்தின நாள் சாயங்காலம்தான் ஓரளவுக்குத் தெரியும். அதனாலதான் "அன்றைய நிலவரத்தைப் பொறுத்து". பொய் சொல்லலை அவங்க.

இதுலயும் கிழமை பாருங்க. சனிக்கிழமை காலையில போய் இறங்கினா, முந்தின ராத்திரி வெள்ளிக்கிழமை. ஊர் சுத்த வர்றவங்க தங்கற ஹோட்டல் நிறையறது வெள்ளி, சனி ராத்திரிதான். ஆக நம்ம வாய்ப்பு கம்மி.

அப்ப கையில இருக்கற வழி ரெண்டு.

ஒண்ணு, காசு குடுத்து ஏர்லி செக்-இன். தங்கச்சியை விட்டு விலை கேக்கச் சொன்னேன். ரூம் ஒரு ராத்திரிக்கு 2,300 பாட். பாதி விலை, அதாவது 1,150 பாட் குடுத்தா காலை 10 மணிக்கு உறுதியா ரூம்னு சொன்னாங்க. 10 மணிக்கு முன்னாடின்னா ஒரு முழு ராத்திரி வாடகை.

இன்னொண்ணு, முந்தின ராத்திரியையும் சேத்து புக் பண்றது. வெள்ளிக்கிழமை ராத்திரிக்கே ரூம் நம்மளோடது. சனிக்கிழமை எப்ப போனாலும் சாவி ரெடி.

"ரெண்டு ரூமுக்கும்னா 4,600 பாட்டா?"ன்னு தங்கச்சி அலறினா.

எதுக்கு ரெண்டு ரூம்? காலையில ரெண்டு மணி நேரம் கண்ணை மூடறதுக்கு மூணு பேருக்கு ஒரு ரூம் போதும். அம்மா அப்பா கட்டில்ல படுக்கட்டும், அவ குளிச்சுட்டு ஒரு ஓரமா சாயட்டும். ரெண்டாவது ரூம் வழக்கம்போல 2 மணிக்கு வரட்டும்.

அப்புறம் அவ மறந்துட்ட ஒரு விஷயத்தைக் காட்டினேன். அவ போட்டிருந்த விலையில காலைச் சாப்பாடு சேத்தி. வெள்ளிக்கிழமை ராத்திரி வாடகையோட வர்ற சாப்பாடு எது? சனிக்கிழமை காலைச் சாப்பாடு! அதாவது இவங்க போய் இறங்கற அதே காலை. ரெண்டு பேருக்குச் சாப்பாடு அதுலயே வந்துடுது. மூணாவது ஆளுக்கு மட்டும் காசு குடுத்தாப் போதும்.

இப்ப, இந்த "முந்தின ராத்திரி" வழியில ஒரு பெரிய பள்ளம் இருக்கு. இதைத் தயவுசெஞ்சு எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க.

ஹோட்டலுக்கு ஒரு நாள் முடியறது ராத்திரி 12 மணிக்கு இல்லை. நைட் ஆடிட்னு ஒண்ணு பண்ணுவாங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு மணி வாக்குல. அன்னிக்குக் கணக்கை மூடிட்டு அடுத்த தேதிக்குத் தாவுவாங்க. அந்த நேரத்துல, வரவேண்டிய ஆள் வரலைன்னா அவர் 'நோ-ஷோ'. ஒரு ராத்திரி காசை எடுத்துக்கிட்டு, மிச்ச நாள் புக்கிங்கையும் விடுவிச்சுடற ஹோட்டல் உண்டு. விதிமுறையில அதுக்கு இடமும் இருக்கும். நீங்க அந்த நேரத்துல சென்னை ஏர்போர்ட்லயோ, வங்காள விரிகுடாவுக்கு மேலயோ இருப்பீங்க. காலையில போய் நின்னா, காசு குடுத்த ரூம் வேற யாருக்கோ போயிருக்கும்.

அதனால மெயில்ல ஒரு வரி கட்டாயம்: "வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு புக் பண்ணியிருக்கோம், ஆனா வந்து சேர்றது சனிக்கிழமை காலை. நோ-ஷோ போடாதீங்க." இதுக்கு "சரி, குறிச்சாச்சு"ன்னு எழுத்துல பதில் வாங்கிடணும். வேற எந்த வரிக்குப் பதில் வரலைன்னாலும் இதுக்கு வாங்கணும்.

கூடவே இன்னொண்ணு. தங்கச்சி சனிக்கிழமையிலேருந்து ஏற்கெனவே புக் பண்ணியிருந்தா. வெள்ளிக்கிழமை ராத்திரியை தனியா போட்டா. இப்ப ஹோட்டல் பார்வையில இது ரெண்டு வேற வேற புக்கிங். சொல்லாம விட்டா, மத்தியானம் 12 மணிக்குத் தூங்கிக்கிட்டு இருக்கறவங்களை எழுப்பி, "இந்த ரூமைக் காலி பண்ணுங்க, உங்க அடுத்த புக்கிங் வேற ரூம்"னு சொல்ல வாய்ப்பு இருக்கு. ரெண்டு நம்பரையும் எழுதி, "ஒரே ரூம்ல சேத்துடுங்க"ன்னு கேட்டுடணும்.

சரி, அமைதியான ரூம்.

"அமைதி"ன்னு மட்டும் எழுதினா, ஃப்ரண்ட் ஆஃபீஸ்ல இருக்கறவங்க பெரும்பாலும் பண்றது ஒண்ணுதான். உயரமான மாடியில போடுவாங்க. ரோடு சத்தம் கம்மியா இருக்கும்னு நல்ல எண்ணத்துலதான். ஆனா பாங்காக்ல பல ஹோட்டலுக்கு மொட்டை மாடியில பார் இருக்கும். அதுக்கு அடுத்த கீழ் மாடியில போட்டா ராத்திரி 1 மணி வரைக்கும் தலைக்கு மேல டும் டும். பார் இல்லாத கட்டடத்துலகூட மேல ஏசி இயந்திரமும் லிஃப்ட் மோட்டாரும் இருக்கலாம்.

கீழ் மாடியும் ஆகாது. சுகும்வித் ரோட்டுக்கு மேலதான் ஸ்கைட்ரெயின் ஓடுது. தூண் போட்டு உயரத்துல போற ரயில். ரோட்டைப் பாத்த மூணாவது, நாலாவது மாடி ரூம்னா ரயில் கிட்டத்தட்ட ஜன்னல் உயரத்துல போகும். நடுராத்திரி வரைக்கும் ஓடும், விடிகாலையில மறுபடி ஆரம்பிச்சுடும்.

ஆனா என்னைக் கேட்டா, வெளிச் சத்தத்தைவிட உள்சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். ரோடு சத்தம் ஒரே சீரா இருக்கும், காது பழகிடும். திடீர் திடீர்னு வர்ற சத்தம் பழகாது. லிஃப்ட் 'டிங்'. ஹவுஸ்கீப்பிங் சாமான் ரூம் கதவு. நடைபாதையில ராத்திரி 1 மணிக்குச் சிரிச்சுக்கிட்டு வர்ற கூட்டம்.

எல்லாத்துலயும் மோசமானது எது தெரியுமா? நடுக்கதவு. ரெண்டு ரூமுக்கும் நடுவுல உள்பக்கமாவே ஒரு கதவு இருக்குமே, பூட்டி வச்சிருப்பாங்களே, அது. சுவர் இருக்க வேண்டிய இடத்துல ஒரு பலகைதான் இருக்கு. பக்கத்து ரூம்காரர் போன்ல பேசறது வார்த்தை வார்த்தையா கேக்கும்.

இங்கதான் தங்கச்சிக்கு ஒரு சிக்கல். அவளுக்கு ரெண்டு ரூமும் பக்கத்துப் பக்கத்துல வேணும், ராத்திரி அப்பா கூப்பிட்டா ஓடணும்ல. "ரெண்டு ரூமும் சேத்துக் குடுங்க"ன்னு எழுதினா, ஹோட்டல்காரங்க நடுக்கதவு இருக்கற ஜோடியைத்தான் குடுப்பாங்க. ரெண்டு ரூமும் நம்மளோடதா இருந்தா அதுல தப்பில்லை. ஆனா இவளுக்கு ரெண்டாவது ரூம் மத்தியானம்தான் கைக்கு வரும், அந்த நேரத்துல அந்தப் பக்கத்து ரூம் காலியா இருக்குமான்னு தெரியாது. கடைசியில நடுக்கதவு இருக்கற ரூம்ல அம்மா அப்பா, அந்தப் பக்கம் யாரோ ஒரு குடும்பம்னு ஆயிடும். அதனால "ஒரே மாடியில இருந்தாப் போதும்"னு எழுதச் சொன்னேன்.

அப்புறம் மெயில்ல கேள்வியாவும் ஒண்ணு கேக்கணும்: ஹோட்டல்லயோ பக்கத்துலயோ கட்டட வேலை நடக்குதா? பாங்காக் எப்பவும் எங்கயாவது கட்டிக்கிட்டே இருக்கற ஊர். கேக்காம அவங்களா சொல்றது அபூர்வம். கேட்டா சொல்லிடுவாங்க, ரூம் போடும்போது எதிர்ப்பக்கம் போடவும் செய்வாங்க.

இப்ப இந்த விஷயத்துலயே முக்கியமான இடம். மூணு கோரிக்கையில ரெண்டு ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்.

காலை 7:30க்கு காலியா, சுத்தமா இருக்கற ரூம் ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். அது எதா இருக்கும்னு நினைக்கிறீங்க? ராத்திரி யாருக்கும் குடுக்காம மிஞ்சின ரூம். லிஃப்ட் பக்கத்து ரூம், ரோட்டைப் பாத்த ரூம், நடுக்கதவு ரூம். வந்தவங்க எல்லாரும் நல்லதைக் கேட்டு வாங்கிட்டுப் போன பிறகு மிஞ்சறது இதெல்லாம்தானே? ஆக "சீக்கிரம் வேணும், அமைதியாவும் வேணும்"னு சும்மா எழுதினா, கவுன்டர்ல இருக்கற பொண்ணு சீக்கிரத்தைத்தான் தேர்ந்தெடுப்பா. ஏன்னா எதிர்ல மூணு பேர் பெட்டியோட நிக்கறாங்க. அமைதி இல்லைங்கறது ராத்திரிதானே தெரியும்!

அதனால எது முதல்னு எழுதிடணும். "ரெண்டும் முடியலைன்னா அமைதியான ரூமுக்காகக் காத்திருக்கோம்" அல்லது "எந்த ரூமானாலும் சரி, காலையிலயே வேணும்". ஒரு வரிதான். கவுன்டர்ல இருக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு அங்க நின்னவங்களுக்குத் தெரியும். எங்ககிட்ட வர்ற மெயில்ல இந்த வரி இருந்தா, அந்த புக்கிங்கை நாங்க சந்தோஷமா எடுத்துச் செய்வோம். என்ன வேணும்னு தெளிவா தெரியுதே!

முந்தின ராத்திரியும் சேத்து புக் பண்ணினா இந்தச் சண்டையே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூம் பிரிக்கும்போதே நம்ம பேருக்கு நல்ல ரூமா ஒதுக்கி வைக்கலாம். தங்கச்சி குடுத்த 2,300 பாட் வாங்கினது நேரத்தை மட்டும் இல்லை, முதல்லயே தேர்ந்தெடுக்கற உரிமையையும்தான்.

கடைசியா கார். இது மூணுலயும் சுலபம், விவரம் பூரா குடுத்துட்டா.

மொதல்ல ஏர்போர்ட். பாங்காக்ல ரெண்டு இருக்கு. சுவர்ணபூமி, டான் மியாங். ஒண்ணு ஊருக்குக் கிழக்கால, இன்னொண்ணு வடக்கால. டிக்கெட்ல BKK-ன்னு இருந்தா சுவர்ணபூமி, DMK-ன்னு இருந்தா டான் மியாங். "ஏர்போர்ட் பிக்கப்"னு மட்டும் எழுதினா டிரைவர் எங்க போய் நிப்பார்?

அப்புறம் தேதி. இது எல்லாரும் குழம்பற இடம். வீட்டை விட்டுக் கிளம்பறது வெள்ளிக்கிழமை ராத்திரி, ஃப்ளைட் தேதி சனிக்கிழமை. அதனால கிளம்பற தேதி வேண்டாம், இறங்கற தேதியை மட்டும், கிழமையோட, அந்த ஊர் நேரத்துல எழுதணும். மாசத்தை எண்ணால எழுதாதீங்க. 7/2ன்னு எழுதினா ஒருத்தர் பிப்ரவரி 7ன்னு படிப்பார், இன்னொருத்தர் ஜூலை 2ன்னு படிப்பார்.

ஃப்ளைட் நம்பர் குடுங்க. அது இருந்தா டிரைவர் தாமதத்தை அவரே பாத்துக்குவார். "7 மணிக்கு வெளியில வந்துடுவோம்"னு நீங்களா கணக்குப் போட்டு எழுதாதீங்க. இமிக்ரேஷன் வரிசை ஒரு நாள் இருபது நிமிஷம், ஒரு நாள் ஒரு மணி நேரம். இறங்கற நேரத்தைச் சொல்லிட்டு, எவ்வளவு நேரம் கூடுதல் காசு இல்லாம காத்திருப்பாங்கன்னு கேளுங்க.

ஆள் எண்ணிக்கையோட பெட்டி எண்ணிக்கையும் சொல்லணும். மூணு பேர் சின்ன கார்ல உட்காரலாம், மூணு பெரிய பெட்டி அதுல ஏறாது. (பாங்காக் டாக்ஸி நிறைய கேஸ்ல ஓடுது. சிலிண்டர் டிக்கியில இருக்கும், பாதி இடம் அதுக்கே போயிடும்.)

விலையை எழுத்துல கேளுங்க. ஆளுக்கா, வண்டிக்கா? சுங்கச்சாவடிக் காசு சேத்தியா? டிரைவர்கிட்ட குடுக்கறதா, ரூம் பில்லுல சேருமா? மீட்டர் டாக்ஸியைவிட ஹோட்டல் வண்டி கூடத்தான் இருக்கும். ஒத்தை ஆளா, கையில ஒரு பையோட போனா நான் டாக்ஸியோ ரயிலோதான் சொல்வேன். சுவர்ணபூமியில மீட்டருக்கு மேல 50 பாட் ஏர்போர்ட் கட்டணமும் சுங்கமும் சேரும், அவ்வளவுதான். முட்டி வலிக்காரரோட, தூங்காத அம்மாவோட, பெட்டியோட போறப்ப வண்டி வாசல்ல நிக்கறது குடுத்த காசுக்குத் தகும்.

அட்டையில என்ன பேர்? நம்ம ஊருக்காரங்களுக்குன்னே இருக்கற பிரச்சனை இது. தங்கச்சி பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் இடத்துல எங்கப்பா பேர். அப்பா பாஸ்போர்ட்ல தாத்தா பேர். புக்கிங்ல இனிஷியல் மட்டும். ஹோட்டல் கம்ப்யூட்டர் குடும்பப் பேரை வச்சுத்தான் தேடும், டிரைவர் அட்டையிலயும் அதான் வரும். வருகைக் கூடத்துல ஒரே நேரத்துல நிறைய அட்டை நிக்கும், அதுல எதைத் தேடறதுன்னு நம்மளுக்கே தெரியணும்ல? அதனால "அட்டையில இந்தப் பேர் எழுதுங்க"ன்னு நாமளே சொல்லிடணும்.

இதையெல்லாம் சேத்து எழுதினது இதுதான். (அனுப்பினது ஆங்கிலத்துல. விஷயத்தைத் தமிழ்ல தர்றேன். பேர், நம்பர் எல்லாம் எடுத்துட்டேன்.)

தலைப்பு: புக்கிங் எண் __, பிப்ரவரி 7 சனிக்கிழமை காலை வருகை, கார் தேவை

வணக்கம்.

எங்கள் பெயரில் மூன்று புக்கிங் உள்ளன. முதல் ரூம்: வெள்ளி இரவு மட்டும் (எண் __), சனி முதல் (எண் __). இவை இரண்டையும் ஒரே ரூமில் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது ரூம்: சனி முதல் (எண் __).

1. வருகை: வெள்ளி இரவுக்குப் பணம் கட்டியிருந்தாலும் நாங்கள் வருவது சனிக்கிழமை காலை சுமார் 7:45. தயவுசெய்து நோ-ஷோ போட வேண்டாம். இதைக் கட்டாயம் உறுதி செய்து பதில் எழுதவும். இரண்டாவது ரூம் 2 மணிக்குக் கிடைத்தால் போதும்.

2. ரூம்: என் அம்மாவுக்கு லேசான சத்தத்திலும் தூக்கம் கலையும். முக்கியத்துவ வரிசையில்: நடுக்கதவு இல்லாத ரூம், லிஃப்டிலிருந்து தள்ளி, ரோட்டைப் பார்க்காத பக்கம், பாருக்கு நேர் கீழே வேண்டாம். காட்சி எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு ரூமும் ஒரே மாடியில் இருந்தால் போதும். அருகில் கட்டட வேலை நடக்கிறதா?

3. கார்: சுவர்ணபூமி (BKK), ஃப்ளைட் எண் __, சென்னையிலிருந்து. இறங்குவது பிப்ரவரி 7 சனிக்கிழமை காலை 6:00, பாங்காக் நேரம். மூன்று பேர், மூன்று பெரிய பெட்டி. அப்பாவுக்கு ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலி. அட்டையில் எழுத வேண்டிய பெயர்: __. வண்டிக்கு மொத்த விலை, சுங்கம் உட்பட எவ்வளவு? டிரைவர் எந்தக் கதவருகில் நிற்பார்? எவ்வளவு நேரம் காத்திருப்பார்? அந்த நேரத்தில் அழைக்க ஒரு எண் தேவை.

நன்றி.

பாருங்க, "காட்சி எப்படி இருந்தாலும் பரவாயில்லை"ன்னு ஒரு வரி இருக்குல்ல? அது சும்மா இல்லை. அமைதியான ரூம் நிறைய ஹோட்டல்ல பின்பக்கம்தான் இருக்கும், பக்கத்துக் கட்டடச் சுவரைப் பாத்த மாதிரி. அதைக் குடுத்தா விருந்தினர் சண்டைக்கு வருவாங்களோன்னு ஃப்ரண்ட் ஆஃபீஸ் தயங்கும். நாமளே விட்டுக்குடுத்துட்டா அவங்க கை சுதந்திரமாயிடும்.

இந்த மெயிலை ரெண்டு தடவை அனுப்பணும். புக் பண்ணினதும் ஒரு தடவை, காருக்கும் விலைக்கும். வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி அதே மெயிலுக்குக் கீழயே சுருக்கமா இன்னொரு தடவை, ரூமுக்காக. ஒரு மாசம் முன்னாடி சொன்ன ரூம் விஷயம் குறிப்புல எங்கயோ அடியில கிடக்கும். ரூம் பிரிக்கற நேரத்துல மேல வந்து நிக்கணும்.

பதில் மறுநாளே வந்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! ரிசர்வேஷன்ல இருந்த பொண்ணு நம்ம 1, 2, 3க்கு நேரா 1, 2, 3ன்னு எழுதியிருந்தாங்க. நோ-ஷோ போட மாட்டோம், ரெண்டு புக்கிங்கையும் சேத்தாச்சு. பின்பக்கம் நீச்சல் குளத்தைப் பாத்த ஏழாவது மாடியில நடுக்கதவு இல்லாத ரூம் இருக்கு, கேட்டு வச்சிருக்கேன், ஆனா ரூம் நம்பரை இப்ப உறுதி சொல்ல முடியாது. எதிர்ச்சந்துல கட்டட வேலை நடக்குது, அந்தப் பக்கம் போட மாட்டோம். வேன் 1,400 பாட், சுங்கம் சேத்து, ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு, ரெண்டாவது மாடி வருகைக் கூடத்துல எந்தக் கதவுன்னு நம்பரோட.

நாங்க கேக்காத கட்டட வேலை இடத்தைக்கூட அவங்க சொன்னாங்கன்னா, கேள்வி தெளிவா இருந்ததாலதான். தெளிவா கேட்டவங்களுக்குத் தெளிவா பதில் சொல்லத்தான் அந்த வேலையில இருக்கறவங்க எல்லாருக்கும் ஆசை.

கிளம்பற அன்னிக்கு சாயங்காலம் ஹோட்டலுக்கு ஒரு போன் போடச் சொன்னேன். ரிசர்வேஷனுக்கு இல்லை, ஃப்ரண்ட் டெஸ்க்குக்கு. ராத்திரி கணக்கை மூடப்போறது அங்க இருக்கற ஆள்தானே. "நாளைக்குக் காலை வர்றோம், குறிப்பு இருக்கா?" அவ்வளவுதான் கேள்வி. இருந்துச்சு.

சனிக்கிழமை எட்டு மணிக்கு முன்னாடியே அம்மா அப்பா ரூமுக்குள்ள. ரெண்டாவது ரூம் ஒரு மணி வாக்குல குடுத்துட்டாங்க, அதே மாடியில, நாலு கதவு தள்ளி.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுடறேன். மெயில் எவ்வளவு நல்லா எழுதினாலும் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் பெட்டியைத் திறக்காதீங்க. ஏசியை ஒரு நிமிஷம் அணைச்சுட்டு, டிவி போடாம, சும்மா நின்னு கேளுங்க. பக்கச் சுவர்ல நடுக்கதவு இருக்கான்னு பாருங்க. ஜன்னல் சரியா மூடுதான்னு பாருங்க. சரியில்லைன்னா கட்டில்ல உட்காராம, குளியலறையைப் பயன்படுத்தாம, அப்பவே கீழ போன் பண்ணுங்க. தொடாத ரூம்னா அவங்க அதை அப்படியே அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், அதனால சட்டுனு மாத்திடுவாங்க. ஒரு தடவை படுத்து எழுந்துட்டா, மறுபடி சுத்தம் பண்ண ஆள் வேணும், அவங்களுக்கும் தயக்கம் வந்துடும்.

ரூம் நல்லா அமைஞ்சுட்டா அந்த நம்பரைக் குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்த தடவை அதே ஹோட்டலுக்கு எழுதும்போது, "போன தடவை இந்த ரூம் அமைதியா இருந்துச்சு, அதுவோ அதுக்கு மேலயோ கீழயோ இருக்கற ரூமோ குடுங்க"ன்னு கேட்டா, அமைதின்னா உங்களுக்கு என்னன்னு விளக்கவே வேண்டாம். தங்கச்சி எழுதி வச்சுக்கிட்டா.